முதல் வரியில் வினைச்சொல்: கைப்பேசித் திரைக்கு எழுதும் முறை

(கட்சியின் பிரசுரப் பணித் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 ஜூன் இறுதியில் தொடங்கியது. ஆகஸ்டு 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், முன்பிருந்த பெயர்களில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவை யாருடைய பெயர்கள், எந்தக் காரணத்தால் விடுபட்டன என்பதைத் தேர்தல் ஆணையம் வெளியிட வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 14 அன்று உத்தரவிட்டது. வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேடும் வகையில் இணையத்தில் பட்டியலை வெளியிட வேண்டும், ஊராட்சி அலுவலகங்களிலும் வட்டார அலுவலகங்களிலும் அதை ஒட்ட வேண்டும், அதற்கு ஆகஸ்டு 19 வரை அவகாசம் என்று அந்த உத்தரவு கூறியது. உரிமைகோரல் விண்ணப்பம் கொடுப்பதற்கான கடைசி நாளோ செப்டம்பர் 1. இடையில் இருந்தவை இரண்டு வாரங்களுக்கும் குறைவான நாட்கள்.

ஆகஸ்டு 22 அன்று மேலும் ஓர் உத்தரவு வந்தது. விடுபட்டவர்கள் ஆதார் நகலையோ, ஆணையம் குறிப்பிட்ட 11 ஆவணங்களில் ஒன்றையோ இணைத்து விண்ணப்பிக்கலாம், இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம் என்றது நீதிமன்றம். மாநிலத்தின் அங்கீகரிக்கப்பட்ட 12 கட்சிகளும் தங்கள் வாக்குச்சாவடி முகவர்கள் மூலம் மக்களுக்கு உதவ வேண்டும் என்றும் அது பணித்தது. இடதுசாரிக் கட்சிகளும் அந்தப் பன்னிரண்டில் அடங்கும்.

இந்தத் தகவல் யாருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது? பீகாரின் கிராமத்தில் வாக்கும், பஞ்சாபிலோ டெல்லியிலோ திருப்பூரிலோ வேலையும் உள்ள தொழிலாளிக்கு. அவர் ஊரில் இல்லாததாலேயே ‘நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்’ என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் விடுபடக்கூடும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலை அவரால் பார்க்க இயலாது. துண்டறிக்கையும் தெருமுனைக் கூட்டமும் அவரைச் சென்றடையா. அவரைச் சென்றடையும் ஒரே தாள், அவர் கையிலுள்ள கைப்பேசியின் திரைதான். அந்தத் திரையில் முதலில் தெரிவது எது என்பதே இந்த உரையின் பொருள்.

திரையில் எவ்வளவு தெரியும்?

ஒரு வாட்ஸ்அப் செய்தியை மக்கள் மூன்று நிலைகளில் காண்கிறார்கள். முதலாவது, பூட்டிய திரையில் வந்து விழும் அறிவிப்பு. இரண்டாவது, செயலியைத் திறந்தவுடன் தெரியும் உரையாடல்களின் பட்டியல். மூன்றாவது, செய்தியே திறந்து விரியும் நிலை.

முதல் இரண்டு நிலைகளில் பெரும்பாலும் ஒரு வரியோ, அதன் ஒரு பகுதியோதான் தெரியும். குழுவில் வந்த செய்தி என்றால் அனுப்பியவரின் பெயர் அந்த வரியின் முற்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ஆகவே எஞ்சிய இடத்தில் மூன்று முதல் ஐந்து சொற்கள் வரை நின்றால் பெரிது. கண்பார்வை குறைந்த மூத்த தோழர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அவர்கள் திரையில் இன்னும் குறைவாகவே தெரியும்.

மூன்றாவது நிலையிலும் தாளில் உள்ள விசாலம் இல்லை. சாதாரண எழுத்தளவில் ஒரு வரியில் மூன்று அல்லது நான்கு சொற்களே அடங்கும். வார இதழில் பத்து வரிகளில் அழகாக முடியும் 60 சொற்கள் கொண்ட பத்தி, கைப்பேசியில் ஏறத்தாழ இருபது வரிகளாக நீண்டு திரையின் பெரும்பகுதியை அடைத்துவிடும். மிக நீண்ட செய்தியாயின், செயலி அதன் ஒரு பகுதியை மட்டும் காட்டி, ‘மேலும் படிக்க’ என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறது. அந்தச் சொல்லைத் தொடாதவருக்கு எஞ்சிய பகுதி இல்லாததற்குச் சமம்.

சுற்றறிக்கை நடையின் சிக்கல்

கட்சிச் சுற்றறிக்கைகளின் பழகிய நடையில் அந்தத் தகவலை எழுதினால் எப்படி இருக்கும் என்பதை எடுத்துக்காட்டாக அமைத்துக் காணலாம்:

“தோழர்களுக்கு வணக்கம். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் கடந்த 14 மற்றும் 22 ஆகிய தேதிகளில் பிறப்பித்துள்ள இடைக்கால உத்தரவுகளைக் கருத்தில் கொண்டு, வரைவுப் பட்டியலில் விடுபட்டுள்ள ஏழை எளிய மக்களின், குறிப்பாகப் புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் வாக்குரிமையைப் பாதுகாக்கும் வகையில், அனைத்துத் தோழர்களும் தங்கள் பகுதியைச் சேர்ந்தவர்களின் பெயர்களைச் சரிபார்த்து, விடுபட்டவர்களை உரிய படிவத்தின் வாயிலாக வரும் செப்டம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பிக்கச் செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

இலக்கணப் பிழை இதில் எதுவும் இல்லை. அலுவலகக் கோப்பில் வைப்பதற்கு இது பொருத்தமானதே. ஆனால் உரையாடல் பட்டியலில் தெரிவது ‘தோழர்களுக்கு வணக்கம். வாக்காளர்’ என்பது மட்டுமே. செய்தியைத் திறந்த பின்பும், பாதித் திரைக்கு மேல் எழுத்துகள் ஓடிய பிறகே கடைசி நாள் வருகிறது. செய்ய வேண்டிய செயலோ அதற்கும் பின்னால் நிற்கிறது.

இதற்கு எழுதியவரின் அக்கறையின்மை காரணமன்று. மொழியின் அமைப்பே காரணம். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது, இந்தியிலும் அவ்வாறே. ‘கருத்தில் கொண்டு’, ‘பாதுகாக்கும் வகையில்’, ‘சரிபார்த்து’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகத் தமிழ் இடம் தருகிறது. ஒவ்வோர் எச்சமும் வினைமுற்றை மேலும் ஒரு வரி கீழே தள்ளுகிறது. தாளில் கண் ஒரு நொடியில் இறுதிக்குத் தாவிவிடும். கைப்பேசியில் அந்த இறுதி, திரைக்கு வெளியே இருக்கிறது.

ஆகவே, ஆங்கிலத்தில் எழுதுவோருக்குச் சொல்லப்படும் ‘முக்கியமானதை முதலில் வை’ என்ற அறிவுரை தமிழுக்கு அப்படியே போதாது. ஆங்கில வாக்கியத்தில் வினை தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் முக்கியமானதை முதலில் வைக்க ஒரே வழி, முதல் வாக்கியத்தை அதன் வினைமுற்று முதல் வரிக்குள் வந்து சேரும் அளவுக்குக் குறுக்குவதாகும். எழுதுபவர் நினைவில் கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்றே: முதல் நான்கைந்து சொற்களுக்குள் ஒரு வினைமுற்று இருக்கிறதா?

இந்த ஒழுங்கு கட்சித் தோழர்களுக்குப் புதிதன்று. சுவரெழுத்து எழுதும் தோழர், மிதிவண்டியில் கடந்து செல்பவர் படிக்க வேண்டும் என்பதை அறிவார். அவர் சுவரில் ‘கருத்தில் கொண்டு’ என்று எழுதுவதில்லை. சுண்ணாம்பு அடித்த இடம் எவ்வளவு என்று பார்த்த பிறகே தூரிகையை எடுக்கிறார். கைப்பேசிக்கு எழுதுபவரும் இடத்தை முதலில் அளந்துவிட்டுச் சொல்லைத் தேட வேண்டும்.

முதல் வரியைக் கண்டடைதல்

பீகார்ச் செய்திக்கு முதல் வரியைக் கண்டடையும் வழியைப் படிப்படியாகக் காணலாம். முதலில், செய்தி யாருக்கு என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மேற்கண்ட சுற்றறிக்கை தோழர்களிடம் பேசுகிறது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் தொழிலாளி. வாக்குச்சாவடி முகவர் செய்ய வேண்டியது வேறு, வாக்காளர் செய்ய வேண்டியது வேறு. இருவருக்கும் ஒரே செய்தியை எழுதினால், முதல் வரி இருவருக்குமே பொருந்தாமல் போகும். எனவே இவை இரண்டு செய்திகள். இங்கே எடுத்துக்கொள்வது வாக்காளருக்கான செய்தி.

‘செப்டம்பர் 1க்குள் விண்ணப்பியுங்கள்’ என்பது முதல் முயற்சி. இதில் வினைமுற்று உண்டு, நாளும் உண்டு. ஆனால் எதற்கு விண்ணப்பம் என்பது இல்லை. மேலும், பெரும்பாலோருக்குத் தங்கள் பெயர் விடுபட்டதா என்பதே தெரியாது. தெரியாதவர் இது தமக்கானது அன்று என்று கடந்துவிடுவார்.

‘உங்கள் பெயர் நீக்கப்பட்டுவிட்டதா?’ என்பது இரண்டாவது முயற்சி. இது கவனத்தை ஈர்க்கும். ஆனால் மோசடிக்காரர்கள் அனுப்பும் செய்திகளும் இதே போன்ற கேள்வியுடன்தான் தொடங்குகின்றன. ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டதா?’ என்ற வகைச் செய்திகளால் ஏமாந்த தொழிலாளி இதையும் ஐயத்துடனேயே பார்ப்பார். அத்துடன், கேள்வி இடத்தை எடுத்துக்கொள்கிறது, செயலைச் சொல்வதில்லை.

‘வாக்காளர் பட்டியலில் பெயர் பாருங்கள்’ என்பது மூன்றாவது முயற்சி. நான்கு சொற்கள். எதைப் பற்றியது என்பது முதல் இரண்டு சொற்களில் தெரிகிறது, செய்ய வேண்டியது நான்காவது சொல்லில் முடிகிறது. பெயர் விடுபட்டவர், விடுபடாதவர், தெரியாதவர் ஆகிய அனைவரும் செய்யக்கூடிய முதல் செயல் இதுவே. திரை இந்த இடத்தில் வெட்டிவிட்டாலும் பயன் கெடாது. கடைசி நாளை அடுத்த சிறு வாக்கியமாகச் சேர்த்தால் முதல் வரி முழுமை பெறுகிறது.

இந்த அடிப்படையில் ஆகஸ்டு 23 அன்று அனுப்புவதற்கான செய்தி இவ்வாறு அமையும்:

“வாக்காளர் பட்டியலில் பெயர் பாருங்கள். கடைசி நாள் 2025 செப்டம்பர் 1.

பீகார் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரு இடங்களில் பதிந்தவர் என்று ஆணையம் காரணம் கூறுகிறது. அது தவறாகவும் இருக்கலாம்.

வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் பட்டியல் ஒட்டப்பட்டுள்ளது.

பெயர் இல்லையென்றால் படிவம் 6, உறுதிமொழிப் படிவம், ஆதார் நகல் ஆகியவற்றைக் கொடுங்கள்.

வெளிமாநிலத்தில் இருப்பவர் ஊருக்கு வர வேண்டியதில்லை. இணையவழியில் விண்ணப்பிக்கலாம்:
voters.eci.gov.in”

இதன் கீழே உதவி செய்யும் முகவரின் பெயர், எண், அனுப்பும் கட்சிக் கிளையின் பெயர், அனுப்பிய நாள் ஆகியவை ஒரு வரியில் வர வேண்டும். இணைய முகவரி ஒரு தனி வரியில், முற்றுப்புள்ளி இன்றி நிற்க வேண்டும். வாக்கியத்தின் நடுவில் வைத்தால் விரலால் தொடுவது கடினம். முதல் வரியைத் தடித்த எழுத்தாக்க, அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நட்சத்திரக் குறியை இடைவெளியின்றி இட வேண்டும். தடித்த எழுத்து அந்த ஒரு வரிக்கு மட்டுமே. நான்கு வரிகள் தடித்திருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது.

பத்தியை எங்கே உடைப்பது?

மேற்கண்ட செய்தியில் ஒரு பத்தி ஒரு வேலையைச் செய்கிறது. நிலைமை ஒரு பத்தி, தேடும் வழி ஒரு பத்தி, ஆவணம் ஒரு பத்தி, வெளிமாநிலத்தவருக்கு ஒரு பத்தி. எந்தப் பத்தியும் இருபது சொற்களை அதிகம் தாண்டவில்லை. பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி இருக்கிறது. ஊரில் இருப்பவர் கடைசிப் பத்தியைத் தாண்டிவிடலாம், வெளியூரில் இருப்பவர் கண்ணை அதன் மேலேயே வைக்கலாம். பத்தியைச் சிறிதாக்குவதன் பயன் இதுதான். தனக்குத் தேவையானதைத் தேடுபவருக்கு அது வழிகாட்டும்.

ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக்குவது வேறொரு பிழைக்கு இட்டுச் செல்லும். இரண்டாவது பத்தியைக் கவனியுங்கள். ‘65 லட்சம் பெயர்கள் இல்லை’ என்பதும், அதற்கு ஆணையம் கூறும் காரணமும் ஒரே பத்தியில் உள்ளன. அவற்றைப் பிரித்தால் என்ன நேரும்? யாரேனும் முதல் வாக்கியத்தை மட்டும் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புவார். உயிரோடு ஊரில் வாழும் 65 லட்சம் பேரின் வாக்கு பறிக்கப்பட்டது என்ற பொருளில் அது பரவும். ஆணையம் கூறிய கணக்கில் சுமார் 22 லட்சம் பேர் இறந்தவர்கள். அந்தக் கணக்கில் பிழைகள் இருந்தன என்பதும் உண்மையே. இறந்தவர்கள் என்று குறிக்கப்பட்ட இருவர் ஆகஸ்டு 12 அன்று உச்ச நீதிமன்றத்திலேயே நேரில் நிறுத்தப்பட்டனர். பிழையை நிறுவ அந்த வலுவான சான்று இருக்கையில், மிகைப்படுத்திய ஒரு வாக்கியம் எதிராளிக்கு மறுப்பு எழுத வாய்ப்பளிக்கிறது.

ஆகவே விதி இது: எண்ணும் அதன் விளக்கமும் ஒரே பத்தியில் நிற்க வேண்டும். உரிமையும் அதன் நிபந்தனையும் ஒரே பத்தியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பத்தியையும் தனியே எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். தனியே நிற்கும்போது பொய்யாகிற பத்தி, உடைக்கக்கூடாத இடத்தில் உடைக்கப்பட்டது என்று பொருள்.

இவ்வளவு குறுக்கினால் அரசியல் எங்கே போகும் என்ற கேள்வி எழுவது இயல்பு. குடியுரிமையை நிறுவும் சுமையை ஏழையின் தலையில் ஏற்றுவது ஏன் தவறு என்பதை ஐந்து சொற்களில் விளக்க இயலாது. விளக்க முயல்வதும் கூடாது. அது கட்டுரைக்கும் துண்டறிக்கைக்கும் கூட்டத்துக்கும் உரியது. கைப்பேசியில் அதைத் தர வேண்டுமானால், செயலுக்கான செய்தி சென்ற பிறகு, தனக்கென ஒரு முதல் வரியுடன் தனிச் செய்தியாகத் தரலாம். ஒரே செய்தியில் இரண்டையும் கலந்தால், விளக்கம் செயலை மறைக்கும். தீர்மானங்களையும் கோட்பாட்டுக் கட்டுரைகளையும் இந்த முறையில் நறுக்குவதும் தவறு. அவற்றில் எச்சங்கள் காரண காரியத் தொடர்பைத் தாங்கி நிற்கின்றன.

அனுப்பிய பிறகு நேர்வது

கைப்பேசிச் செய்தி அனுப்பியவரின் கையில் நிற்பதில்லை. ஒருவர் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாது என்ற வரம்பை வாட்ஸ்அப் 2019 முதல் உலகெங்கும் வைத்திருக்கிறது. ஏற்கெனவே பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திக்கு 2020 ஏப்ரல் முதல் அது ஒரே உரையாடலாகச் சுருங்கியது. எனினும் செய்தி கைமாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, எந்த நாளில் கிளம்பியது என்பது தொலைந்துபோகிறது.

இதனால் ‘இன்னும் ஒன்பது நாட்களே உள்ளன’ என்று எழுதக்கூடாது. ஆகஸ்டு 23 அன்று சரியாக இருந்த அந்த வரி, 26 அன்று ஒரு தொழிலாளியை அடையும்போது தவறாகிவிடும். ‘நாளை’, ‘வரும் திங்கள்’, ‘இம்மாத இறுதி’ ஆகியவையும் அத்தகையனவே. நாளும் ஆண்டும் எண்ணால் எழுதப்பட வேண்டும், மாநிலத்தின் பெயர் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நாளை எழுதினாலும் ஓர் ஆபத்து எஞ்சுகிறது என்பதை இதே பீகார் நிகழ்வு காட்டியது. செப்டம்பர் 1க்குப் பிறகு வரும் விண்ணப்பங்களும், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் வரை பரிசீலிக்கப்படும் என்று தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அப்போது என்ன ஆகிறது? ‘கடைசி நாள் செப்டம்பர் 1’ என்ற செய்தி இன்னமும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. செப்டம்பர் 5 அன்று அதைப் படிக்கும் தொழிலாளி, காலம் கடந்துவிட்டது என்று விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவார். நன்மைக்காக எழுதிய முதல் வரியே அவரைத் தடுத்துவிடும்.

பிறர் முன்னனுப்பிய படிகளை யாராலும் திரும்பப் பெற இயலாது. செய்யக்கூடியது, பழைய வரியை முதல் நான்கைந்து சொற்களிலேயே மறுக்கும் புதிய செய்தியை அதே குழுக்களுக்கு அனுப்புவதுதான். ‘திருத்தம்: முந்தைய செய்தி தொடர்பாக’ என்று தொடங்கினால் யாரும் திறக்க மாட்டார்கள். ‘இப்போதும் பெயர் சேர்க்கலாம். செப்டம்பர் 1உடன் முடியவில்லை’ என்று தொடங்க வேண்டும். பழைய செய்தியில் எந்தச் சொல் மனத்தில் பதிந்ததோ, அந்தச் சொல்லையே புதிய செய்தி எடுத்து மறுக்க வேண்டும்.

கோப்பும் படமும் எழுத்துருவும்

பல குழுக்களில் சுற்றறிக்கை பிடிஎஃப் கோப்பாகவே வருகிறது. அப்போது உரையாடல் பட்டியலில் தெரிவது சுற்றறிக்கையின் முதல் வரியன்று, கோப்பின் பெயர். கணினியில் வடிவமைத்த தோழர் ‘இறுதி 2’ என்றோ ஸ்கேன் எண்ணாகவோ பெயரிட்டிருந்தால் மக்கள் காண்பது அதுவே. கோப்பை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அதன் பெயரை ‘வாக்காளர் பட்டியலில் பெயர் பாருங்கள்’ என்று மாற்றிவிட்டு அனுப்பலாம். அதைவிட நல்லது, செய்தியை எழுத்தாக அனுப்பிவிட்டுக் கோப்பை அதன் பின்னால் இணைப்பது. சுவரொட்டியைப் படமாக அனுப்பும்போதும் படத்தின் கீழ் அதே முதல் வரியை எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அறிவிப்பு காட்டாது. பார்வையற்ற தோழரின் கைப்பேசி எழுத்தாக வந்ததை உரக்கப் படித்துக் காட்டும், படத்துக்குள் இருப்பதில் பெரும்பாலும் தடுமாறும்.

தமிழ் அச்சகங்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. துண்டறிக்கைகள் இன்றும் பல இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்படுகின்றன. அந்த உரையை அப்படியே வெட்டி ஒட்டினால் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வந்து நிற்கும். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், துணைக்காலும் சில சமயம் இடம் பெயர்வதுண்டு. ஆகவே முதல் வரியை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் வழி எளியது. குழுவுக்கு அனுப்புவதற்கு முன், எழுதியவர் செய்தியை வேறொரு தோழரின் கைப்பேசிக்கு அனுப்பி, பூட்டிய திரையிலும் உரையாடல் பட்டியலிலும் எது தெரிகிறது என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த, சிறிய திரையுள்ள கைப்பேசியாக இருந்தால் மேலும் நல்லது. பிறகு, அந்தப் பணியில் ஈடுபடாத ஒருவரிடம் திரையைப் பத்து நொடிகள் காட்டி, ‘என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள்?’ என்று கேட்க வேண்டும். அவர் ‘ஏதோ வாக்காளர் பட்டியல் பற்றி’ என்று பதில் சொன்னால் முதல் வரி தோற்றுவிட்டது. செய்தியைக் குறை கூற வேண்டுமே தவிர, படித்தவரைக் குறை கூறக்கூடாது.

ஒரு மாநிலத்தின் வரி இன்னொரு மாநிலத்துக்கு

சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் தொடங்கியது. பீகாருக்கு எழுதிய செய்தியை மொழிபெயர்த்து இங்கே அனுப்பலாமா? அனுப்பினால் கேடு விளையும்.

பீகாரில் முதல் கட்டத்திலேயே ஆவணம் பற்றிய அச்சம் பரவியிருந்தது. இரண்டாம் கட்டத்திலோ, கணக்கீட்டுப் படிவத்தைக் கொடுக்கும் நிலையில் எந்த ஆவணமும் இணைக்க வேண்டியதில்லை என்று ஆணையம் அறிவித்தது. பழைய பட்டியலோடு பொருந்தாதவர்களிடமே பின்னர் ஆவணம் கேட்கப்படும் என்பது நடைமுறை. பீகார்ச் செய்தியைப் படித்த ஒருவர் ஆவணம் தேடி அலைந்து, படிவத்தைக் கொடுக்காமலேயே நாளைக் கடத்தியிருப்பார். படிவம் கொடுக்காதவரின் பெயர் வரைவுப் பட்டியலில் வராது.

எனவே இங்கே முதல் வரி ‘பெயர் பாருங்கள்’ என்று இருக்க இயலாது. பார்ப்பதற்கான வரைவுப் பட்டியலே அப்போது வந்திருக்கவில்லை. ‘படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். இப்போது ஆவணம் வேண்டாம்’ என்பதே நவம்பர் மாதத்துக்கான வரி. வரைவுப் பட்டியல் வெளியான நாளில்தான் ‘வாக்காளர் பட்டியலில் பெயர் பாருங்கள்’ என்ற வரி தமிழ்நாட்டுக்கும் பொருந்தத் தொடங்குகிறது.

ஆகவே முதல் வரியை எழுதத் தொடங்குமுன் பதில் காண வேண்டிய கேள்விகள் மூன்று. இதைப் படிப்பவர் யார்? இன்று, இந்த மாநிலத்தில் அவர் செய்ய வேண்டிய அடுத்த செயல் எது? அதற்குக் கடைசி நாள் எது? இரண்டாவது கேள்விக்கான பதில் வினைச்சொல்லாக அமையும். அந்த வினைச்சொல் திரையின் முதல் வரிக்குள் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே செய்தி கிளையைவிட்டுக் கிளம்ப வேண்டும்.